சோயாமீற்றா, கோழியா: சிங்கப்பூரில் விற்கிற அந்தப் பைக்குள் இருப்பது என்ன?

முள்ளியவளை அக்கா

என் தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை. போன கிழமை ஒரு இறைச்சிக் கடையின் உறைபெட்டியில் இருந்து சின்னப் பை ஒன்று வாங்கி, வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினான். 120 கிராம், விலை 7 டொலர் 20 சதம். உள்ளே உதிர்த்த கோழி மாதிரி இருந்தது. "அம்மா, இது கோழியை அறுக்காமல் தாங்கியில் வளர்த்த இறைச்சி" என்றான். அம்மா கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, "இது சோயாமீற் தானே மகன், இதை வெள்ளிக்கிழமையும் காய்ச்சலாம்" என்று சொல்லிவிட்டா.

அவன் பையைத் திருப்பி வாசித்தான். வளர்ப்புக் கோழி 3 வீதம்தான், மிச்சத்தில் பெரும்பங்கு தாவரப் புரதமாம். அப்போ இதைச் சோயாமீற் என்பதா, இறைச்சி என்பதா? அம்மா கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவ. சோயாமீற் அவவுக்கு முகாமில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். தெரியாமல் ஒரு பதிலைச் சொல்லி அவவை ஏமாற்ற எனக்கு மனமில்லை. விளங்கிய ஆட்கள் சொல்லுங்கோ.

பரந்தன் பொடியன்

அக்கா, எல்லாம் ஒன்றுதான். கனடாவில் மச்சான் வீட்டில் ஒரு பேர்கர் சாப்பிட்டேன். வெட்டினால் இரத்தம் மாதிரிச் சிவப்பாக வடியும், வாசமும் மாட்டிறைச்சி போலவே. அதையும் ஆய்வுகூடத்தில்தான் செய்கிறார்கள். அதில் மாடு இல்லை என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. ஆகவே அம்மா சொன்னது சரி. ஆய்வுகூட இறைச்சி என்றால் சைவம்தான்.

அறிவியல்நகர்

தம்பி, நீங்கள் சாப்பிட்டது வேறு வகை. பெட்டியில் போட்டிருந்தது உண்மை, அதில் மாடு இல்லை. ஆனால் சிங்கப்பூர்ப் பையில் கோழி இருக்கிறது. நான் வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் விலங்குக் கலங்களை வளர்க்கிற வேலையில் சில வருடம் இருந்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சோயாமீற். ஒரு துண்டைச் சுடுநீரில் ஊறப் போட்டுப் பிழிந்துவிட்டு நடுவால் பிய்த்துப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகளும், ஒரு பக்கமாக ஓடுகிற நார் போன்ற ஒன்றும் தெரியும். எண்ணெய் எடுத்த சோயா மாவில் பாதியளவு புரதம். அதில் தண்ணீர் கலந்து, திருகுத் தண்டு சுழல்கிற நீண்ட குழாய்க்குள் 150 பாகை அளவு சூட்டில் நெரித்துத் தள்ளுகிறார்கள். அந்தச் சூட்டில் புரதம் உருகினது போல இளகி, தள்ளுகிற பக்கத்துக்கு நீண்டு படியும். குழாயின் வாயால் வெளியே வந்தவுடன் அழுத்தம் விட்டுப்போகும், உள்ளே இருந்த தண்ணீர் ஒரே அடியாக ஆவியாகிப் பொருமும். ஓட்டைகள் அப்படி வந்தவை. அந்த ஓட்டைகள்தான் பிறகு எங்கள் குழம்பை உறிஞ்சுகின்றன. தொடக்கம் முதல் முடிவு வரை அதில் அவரைக் குடும்பத்துப் பயிரின் புரதம் மட்டுமே.

உங்கள் சிவப்புப் பேர்கரும் அதே சாதி. சோயாச் செடியின் வேர் முடிச்சில் இரும்பு சேர்ந்த ஒரு புரதம் உண்டு, எங்கள் இரத்தத்துச் சிவப்புப் புரதத்துக்குச் சொந்தக்காரன். அதைச் செய்கிற மரபணுவை ஒரு மதுவத்துக்குள் வைத்து, தாங்கியில் நொதிக்கவிட்டுப் பிரித்தெடுத்து, சோயாப் புரதத்தோடு சேர்க்கிறது ஒரு அமெரிக்க நிறுவனம். தாங்கி என்ற சொல் இரண்டு கதையிலும் வருவதால்தான் குழப்பம். அந்தத் தாங்கியில் வளர்வது மதுவம். சிங்கப்பூர்த் தாங்கியில் வளர்வது கோழியின் கலம்.

நெடுங்கேணி பட்டிக்காரர்

எனக்கு அறுபது உருப்படி மாடு. இதை வாசித்தால் வயிறு கலங்குது. ஒரு மாட்டில் இருந்து அதே மாதிரி இன்னொரு மாட்டை உண்டாக்குகிற வேலைதானே இது? ஆட்டுக்குச் செய்தார்கள் என்று முந்திப் பேப்பரில் வந்தது. அப்படி நூறு மாடு தாங்கியில் வந்தால் என்னுடைய நாம்பனை யார் வாங்குவான்?

அறிவியல்நகர்

அண்ணை, ஆட்டுக்குச் செய்தது 1996இல், ஸ்கொட்லாந்தில். அங்கே ஒரு முழு ஆட்டுக்குட்டி பிறந்தது, தாயின் கருப்பையில் வளர்ந்து. இங்கே மாடும் பிறப்பதில்லை, கோழியும் பிறப்பதில்லை. தலை, எலும்பு, குடல் ஒன்றும் உண்டாகாது. பெருகுவது கலங்கள் மட்டும்.

எப்படி என்றால், விலங்கிலோ கருக்கொண்ட முட்டையிலோ இருந்து சிறு துளி இழையம் எடுக்கிறார்கள். அதில் இருந்து பெருகக்கூடிய கலங்களைப் பிரித்து, குளுக்கோசு, அமினோ அமிலம், உப்பு, விற்றமின், இன்னும் சில வளர்ச்சிப் புரதங்கள் கரைந்த பாயத்தில் விடுகிறார்கள். விலங்கின் உடற்சூட்டில் வைத்து ஒட்சிசன் கொடுத்தால் கலம் இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். மாட்டுக் கலம் ஒருதரம் இரட்டிக்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும்.

ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கலத்தின் நிறை ஏறத்தாழ ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு லட்சம் கோடிக் கலம் வேண்டும். பத்து லட்சம் கலத்தோடு தொடங்கினால் 20 தரம் இரட்டித்தால் போதும், கணக்குக்கு 20 நாள். கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கோடிக் கலம் நிற்பதே நல்ல நெருக்கம். அந்த நெருக்கத்தில் ஒரு கிலோ கலத்துக்கு 100 லீற்றர் பாயம் வேண்டும். பெரிய தண்ணீர் பரலில் பாதி என்று வையுங்கள், அவ்வளவு பாயத்துக்கு ஒரு கிலோ. விலை இறங்காமல் நிற்பது இந்த இடத்தில்தான். உங்கள் நாம்பன் குளக்கட்டுப் புல்லைத் தின்று இந்த வேலையைச் செய்கிறது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். தோட்டத்தில் நிற்கிற கப்பல் வாழை இழைய வளர்ப்பில் வந்த கன்று. போத்தலில் ஒரு துண்டு வைத்து நூற்றுக்கணக்கில் கன்று எடுக்கிறார்கள், மலிவாகவும் கிடைக்கிறது. இறைச்சிக்கும் அதே இழைய வளர்ப்பு என்றால் அது மட்டும் ஏன் இவ்வளவு கடினம்? வாழைக்கு முடிந்தது கோழிக்கு ஏன் முடியாது?

அறிவியல்நகர்

ரீச்சர், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். வாழைத் துண்டு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். குருத்து எது, வேர் எது என்று அதற்கே தெரியும். போத்தலில் இருந்து மண்ணுக்கு மாற்றிவிட்டால் பிறகு சூரியனும் மழையும் பார்த்துக்கொள்ளும். விலங்குக் கலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாங்கிக்குள் கடைசிவரை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அது விடுகிற கழிவையும் நாங்களே எடுக்க வேண்டும். அமோனியாவும் இலற்றிக் அமிலமும் சேரச் சேர வளர்ச்சி மட்டுப்படும்.

அப்புறம் தடிப்பு. உயிருள்ள தசையில் நுண்ணிய குருதிக் குழாய்கள் எங்கும் ஓடுகின்றன. அவை இல்லாத இடத்தில் ஒட்சிசன் 0.1 அல்லது 0.2 மில்லிமீற்றர் ஆழத்துக்குத்தான் ஊறும். கொப்பித் தாள் இரண்டை அடுக்கிய தடிப்பு அவ்வளவு. அதற்கு மேல் கலம் அடுக்கினால் நடுவில் உள்ளவை செத்துப்போகும். அதனால் தாங்கியில் இருந்து வடித்தெடுத்தால் கையில் வருவது கூழ். பிசைந்த ஈர மா போல வெளிறிக் கிடக்கும். நாரும் இல்லை, கொழுப்பு வரியும் இல்லை.

2013 ஓகஸ்டில் லண்டனில் மார்க் போஸ்ட் என்ற நெதர்லாந்துப் பேராசிரியர் முதல் வளர்ப்பு மாட்டிறைச்சிப் பேர்கரைப் பொரித்துக் காட்டினார். அதற்கு ஏறத்தாழ 20,000 மெல்லிய தசை இழைகளைத் தனித்தனியாக வளர்த்து ஒன்று சேர்க்க வேண்டி வந்தது. செலவு இரண்டரை லட்சம் யூரோ. சுவைத்தவர்கள் கடிக்கும்போது இறைச்சி போலத்தான் இருக்கிறது, ஆனால் சாறு காணாது என்றார்கள். கொழுப்புக் கலம் அதில் வளர்க்கப்படவில்லை.

பரந்தன் பொடியன்

அண்ணை, அப்போ நான் பிழை விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூழ் என்றால் தம்பி காட்டிய பையில் நார் நாராக இருந்தது எப்படி?

அறிவியல்நகர்

அதுதான் அக்காவின் கேள்விக்கும் பதில். சிங்கப்பூர் 2020 டிசம்பரில் உலகத்திலேயே முதலாவதாக விற்க அனுமதி கொடுத்தது. அப்போது உணவகத்தில் கொடுத்த கோழித் துண்டில் ஏறத்தாழ 70 வீதம் வளர்த்த கலம். 2024 மே மாதம் கடைக்கு வந்த பையில் அது 3 வீதம். 120 கிராமில் 3 வீதம் என்றால் 3.6 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரிகிற நாரும் கடிக்கிற பதமும் தாவரப் புரதத்தால் வந்தவை. அந்தக் கொஞ்சக் கோழிக் கலம் சுவைக்காகவும் வாசத்துக்காகவும் சேர்ந்திருக்கிறது.

அம்மாவின் கண் பிழைக்கவில்லை அக்கா. அவ பார்த்ததில் பெரும்பகுதி தாவரம்தான். ஆனால் முழுக்கத் தாவரம் என்று சொல்ல முடியாது. அந்த 3.6 கிராமும் உண்மையான கோழி. அதன் புரதத்தைச் சோதித்தால் கோழி என்றுதான் காட்டும்.

செட்டிகுளம் தாய்

எனக்கு இது வேறு காரணத்துக்காகத் தேவை. என் மகளுக்கு எட்டு வயது. சோயா பட்டால் வாய் வீங்கி உடம்பு தடிக்கும். பள்ளிக்கூட விருந்தில் ஒருமுறை சோயாமீற் ரோல் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்தத் தாங்கிக் கோழி எப்போதாவது இங்கே வந்தால் அவளுக்குக் கொடுக்கலாமா? கோழி அவளுக்கு ஒத்துவருகிறது.

அறிவியல்நகர்

பெயரைப் பார்த்து நம்பிக் கொடுத்துவிடாதீர்கள் தங்கச்சி. கோழிக் கலம் மட்டும் உள்ள பொருள் என்றால் அவளுக்குப் பிரச்சினை வரக் காரணம் குறைவு. ஆனால் இப்போது விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கலப்பு, தாவரப் புரதம் என்ன என்பது பொருளுக்குப் பொருள் மாறும். பயறாக இருக்கலாம், கோதுமையாக இருக்கலாம், சோயாவாகவும் இருக்கலாம். பின்பக்கத்துச் சேர்மானத்தை ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டும், வைத்தியரிடமும் கேட்க வேண்டும். மறுபக்கமாக, கோழி ஒத்துவராத ஒரு பிள்ளைக்கு வளர்ப்புக் கோழியும் ஒத்துவராது.

முசலி நானா

எங்கள் பக்கத்துக் கேள்வியையும் சேர்க்கிறேன். சிங்கப்பூரின் இஸ்லாமிய மார்க்கச் சபை 2024 பெப்ரவரியில் இதைப் பற்றி ஃபத்வா கொடுத்தது. ஹலாலான பிராணியின் கலமாக இருந்து, வளர்க்கிற பாயத்திலும் ஹலால் அல்லாத பொருள் இல்லாமல், முடிவில் கிடைப்பது சுத்தமாக இருந்தால் சாப்பிடலாம் என்பது அதன் சாரம். மகன் அங்கே படிக்கிறான், அதனால் தேடி வாசித்தேன். எனக்குச் சங்கடம் அந்தப் பாயத்தில்தான். அதில் இரத்தம் சேர்ப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

அறிவியல்நகர்

உண்மை, நானா. இதை மறைத்துப் பேசக்கூடாது. கலம் வளர்க்கிற வேலை நெடுங்காலம் நம்பியிருந்தது, மாட்டுக் கன்றின் நீர்ப்பாயத்தை. பிறந்த கன்றும் இல்லை. இறைச்சிக்கு அறுக்கப்படுகிற மாடு சினையாக இருந்தால், வயிற்றுக்குள் இருக்கிற கருவில் இருந்து எடுக்கிற குருதியைத் தெளியவைத்துப் பெறுவது. கலத்தைப் பெருகச் சொல்லுகிற புரதங்கள் அதில் நிறைய உண்டு. நான் வேலை செய்த இடத்தில் பாயத்தில் பத்தில் ஒரு பங்கு அதுதான். மஞ்சளாக, தேன் கலந்த தண்ணீர் போல இருக்கும். முதல் நாள் போத்தலைக் கையில் எடுத்தபோது அது எதில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஒவ்வொரு தடவையும் நினைவு வரும்.

2013 பேர்கரும் அதைப் பாவித்துத்தான் வளர்ந்தது. 2020இல் சிங்கப்பூரில் அனுமதி கிடைத்த கோழிக்கும் வளர்ப்பின் ஒரு கட்டத்தில் அது பாவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அந்த நிறுவனத்துக்கு நீர்ப்பாயம் இல்லாத பாயத்தில் வளர்க்க அனுமதி கிடைத்தது. அதில் கன்றின் புரதங்களுக்குப் பதிலாக நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த வளர்ச்சிப் புரதங்கள் போன்றவை சேர்க்கிறார்கள். ஆகவே எந்த நிறுவனம், எந்த வருடம் என்று பார்த்துத்தான் பதில் சொல்லலாம்.

நெடுங்கேணி பட்டிக்காரர்

சினைப் பசுவை அறுக்கிறதா? எங்கள் பட்டியில் ஒரு பசு நிறைசினையாக நின்று களவு போய், பிறகு காட்டுக்குள் எலும்பும் தோலுமாகக் கண்டெடுத்தோம். கன்று தனியாகக் கிடந்தது. என் மனிசி மூன்று நாள் சாப்பிடவில்லை. "உயிர் கொல்லாத இறைச்சி" என்று சொல்லிக்கொண்டு அதில் எடுத்ததை ஊற்றி வளர்ப்பது என்றால் எனக்கு அது பொய்யாகத்தான் படுகிறது. இப்போது அது இல்லாமல் செய்கிறார்கள் என்றால் நல்லது. செய்கிறார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

அறிவியல்நகர்

உங்கள் கேள்வி நியாயம் அண்ணை. அனுமதி கொடுக்கிற அரசு நிறுவனம் விண்ணப்பத்தில் பாயத்தின் சேர்மானத்தைக் கேட்கும். வாங்குகிறவரின் பையில் அது அச்சில் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

பிள்ளைகளிடம் சொல்ல ஒரு விஷயம் கேட்கிறேன். பாயத்தில் பற்றீரியா விழுந்தால்? நாங்கள் தயிருக்கு உறை போட்டு ஒரு இரவு விட்டாலே சட்டி நிறையப் பெருகுகிறதே.

அறிவியல்நகர்

ரீச்சர், அந்த வேலையில் எனக்கு இருந்த மிகப் பெரிய பயம் அது. கலம் ஒரு நாளைக்கு ஒருதரம் இரட்டிக்கும். பற்றீரியா நல்ல சூட்டில் அரை மணிக்கு ஒருதரம் இரட்டிக்கும். கலம் 20 நாளில் செய்கிற பெருக்கத்தை அது 10 மணித்தியாலத்தில் செய்துவிடும். மாலை ஐந்து மணிக்கு ஒன்றே ஒன்று விழுந்தால், விடிய மூன்று மணிக்குப் பத்து லட்சம்.

என் கையாலேயே அது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவசரத்தில் ஒரு குழாயின் மூடியைக் கழற்றினபோது கையுறை விளிம்பில் பட்டது. சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். பாயத்தில் அமிலம் காட்டுகிற சிவப்புச் சாயம் போட்டிருப்போம், ஆரோக்கியமாக இருந்தால் இளஞ்சிவப்பு. திங்கட்கிழமை திறந்தபோது எல்லாப் போத்தலும் மஞ்சள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் கலங்கல், லேசாகப் புளித்த மணம். ஐந்து கிழமை வேலையைக் கொதிநீராவியில் போட்டு அழித்தோம்.

ஆய்வுகூடத்தில் நுண்ணுயிர்கொல்லி சேர்த்து இதைத் தள்ளிப்போடுவதுண்டு. சாப்பாட்டுக்கு வளர்க்கிற தாங்கியில் அதை நம்பி ஓட முடியாது. அதனால் தாங்கி, குழாய், வடி, காற்று எல்லாம் மருந்துத் தொழிற்சாலை அளவுக்குத் தூய்மையாக இருக்க வேண்டும். சோயாமீற் செய்கிற இடத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அந்தச் சூடே பெரும்பாலானதைக் கொன்றுவிடும், காய்ந்த துண்டு பையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு மூடை மாவில் பிழை வந்தால் மூடை போகும். தாங்கியில் பிழை வந்தால் ஆயிரக்கணக்கான லீற்றர் போகும்.

பரந்தன் பொடியன்

சத்து எப்படி? இறைச்சியில் இருக்கிற B12 இதில் வருமா? சோயாமீற்றில் இல்லை என்று ஜிம்மில் சொன்னார்கள்.

அறிவியல்நகர்

ஜிம்மில் சொன்னது சரி, சேர்த்தால் ஒழியச் சோயாமீற்றில் இராது. ஆனால் தாங்கிக் கலத்துக்கும் அது தானாக வராது. B12ஐச் செய்வது நுண்ணுயிர்கள். மாட்டுக்கு அதன் வயிற்றுக்குள்ளேயே அவை இருக்கின்றன, தாங்கியில் அவை இருக்கக்கூடாது என்றுதானே இவ்வளவு பாடு. பாயத்தில் எவ்வளவு போட்டார்களோ அதில் இருந்துதான் கலம் எடுக்கும். இரும்பும் அப்படியே.

முள்ளியவளை அக்கா

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவுக்கு இதை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். மூன்று கேள்வி கேட்டா. கலம் எடுத்த அந்தக் கோழி இப்போது உயிரோடு இருக்கிறதா? ஒவ்வொரு பைக்கும் புதுக் கோழி வேண்டுமா? அந்த மூன்று வீதத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் விற்க மாட்டார்களா?

அறிவியல்நகர்

இரண்டாவதுக்கு முதலில் சொல்கிறேன். புதுக் கோழி வேண்டாம். சாதாரணக் கலம் ஒரு அளவுக்கு இரட்டித்த பிறகு நின்றுவிடும். நிற்காமல் பெருகக்கூடிய கலங்களைத் தெரிந்தெடுத்து, சின்னக் குப்பிகளில் திரவ நைதரசனில் உறையவைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு குப்பியை இளக்கித் தொடங்குவார்கள். அமெரிக்கா 2023 ஜூனில் அனுமதித்த கோழியும் இப்படிப் பேணிய கலத்தில் இருந்து வந்ததே.

முதல் கேள்விக்கு, கலம் எங்கிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்தது. வளர்ந்த விலங்கில் இருந்து ஊசியால் எடுத்தால் அது பிறகும் மேயலாம். கருக்கொண்ட முட்டையில் இருந்து எடுத்திருந்தால் அந்தக் குஞ்சு பொரிக்கவே இல்லை. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள் அக்கா.

மூன்றாவதுக்கு, மிச்சத்தை மட்டும் விற்பவர்கள் நிறைய. முல்லைத்தீவுச் சந்தியில் எந்தக் கடையிலும் பை பையாகத் தொங்குகிறது.

முசலி நானா

விரதத்துக்கு ஆகுமா ஆகாதா என்று உங்கள் பெரியவர்கள் யாரும் சொல்லவில்லையா அக்கா?

முள்ளியவளை அக்கா

கோயில் ஐயரிடம் கேட்டேன் நானா. அவர் யோசித்துவிட்டு, உயிரில் இருந்து எடுத்தது எவ்வளவு கொஞ்சமானாலும் விரதத்துக்கு ஆகாது என்றார். பக்கத்து வீட்டு மாமா, கொல்லவில்லை என்றால் தோஷம் இல்லை என்று வாதாடினார். அம்மா இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, முட்டையில் இருந்து எடுத்ததா ஊசியால் எடுத்ததா என்று தம்பியைக் கடையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறா. அவன் சனிக்கிழமை போகிறான்.

நெடுங்கேணி பட்டிக்காரர்

போனால் பாயத்தில் என்ன ஊற்றுகிறார்கள் என்றும் கேட்கச் சொல்லு பிள்ளை. பதிலை இங்கே போடு.